படத்தில் வெட்டுப்பட்ட சதுர அலை: பக்கத்தில் கொசைன், என் கணக்கில் சைன்

மாலைவகுப்பு

சிக்னல் பாடப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு பக்கத்தின் கைபேசிப் படம் என்னிடம் இருக்கிறது. நண்பர் அவசரமாக எடுத்து அனுப்பியது. புத்தகத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இடது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, பக்கம் சாய்ந்திருக்கிறது, சில வரிகள்மேல் கட்டைவிரலின் நிழல் விழுந்திருக்கிறது. ஒரு சதுர அலையை சைன், கொசைன் தொடராக எழுதும் கணக்கு அது. படிக்க முடிந்தவரை விடை இப்படி இருக்கிறது:

```
a0 = ... = A
an = (2A/(nπ)) sin(nπ/2)
bn = 0
```

a0 வரியின் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கடைசியில் உள்ள A-வுக்குக் கீழே ஏதாவது எழுதியிருக்கிறதா என்பதும் நிழலில் மறைந்துவிட்டது.

அலையின் வரைபடத்தில் நான் காண்பது இதுதான். இடது ஓரத்தில் t = 0. அங்கே அலை A உயரத்தில் இருக்கிறது. சற்றுத் தூரம் போய் சுழியத்துக்கு இறங்குகிறது. இறங்கும் இடத்தில் T என்று எழுதி அதன்கீழ் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் கலங்கிப்போயிருக்கிறது. பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே இருப்பதுதானே சதுர அலை என்று அதை T/2 என எடுத்துக்கொண்டேன். அலை மறுபடி எழும் இடம் T என்ற குறிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுகிறது. சாய்வாகப் படமெடுத்ததால் அப்படித் தெரிகிறது என்று விட்டுவிட்டேன்.

0 முதல் T/2 வரை தொகையிட்டால் எனக்குக் கிடைப்பது:

```
a0 = A/2
an = 0
bn = (A/(nπ)) (1 - cos nπ)
```

அதாவது ஒற்றைப்படை n-க்கு 2A/(nπ), இரட்டைப்படை n-க்கு 0. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன், விடை மாறவில்லை. பக்கத்திலோ சைன் உறுப்பே இல்லை, எல்லாம் கொசைன். பிழை என்னிடமா, பக்கத்திலா?

சுருக்குவழி

பிழை பக்கத்தில்தான். சதுர அலை ஒற்றைச் சார்பு. ஒற்றைச் சார்புக்கு கொசைன் உறுப்புகள் வராது, an எல்லாம் சுழியம். உங்கள் வடிவம் சரி. ஆனால் முன்னால் வரும் எண்ணை நீங்கள் தவறவிட்டிருக்கிறீர்கள். சதுர அலைக்கு அது 4A/(nπ). நான் தேர்வுக்குப் படித்த எல்லாச் சூத்திரத் தாள்களிலும் 4/π என்றுதான் இருந்தது. sin(nπ/2) என்ற காரணி அச்சுப் பிழையாக இருக்க வேண்டும். அது உறுப்புகளின் குறியை மாற்றி மாற்றிப் போடுகிறது, சதுர அலைத் தொடரில் எல்லாம் கூட்டல் குறிதான்.

நிழல்வட்டம்

இதே கணக்கை நான் போட்டிருக்கிறேன். sin(nπ/2) இருப்பது சரி. ஆனால் எனக்கு வந்த விடை (A/(nπ)) sin(nπ/2). பக்கத்தில் உள்ள 2 கூடுதல். −T/4 முதல் T/4 வரை தொகையிட்டு T-ஆல் வகுத்துப் பாருங்கள், 2 வராது.

பழைய ஆய்வகம்

மாலைவகுப்பு தம்பி, இன்னொரு முறை தொகையிடுவதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். உங்கள் தொகையிடலில் பிழை இல்லை. நீங்கள் எந்த அலையைத் தொகையிட்டீர்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நீங்களே எழுதிய ஒரு வரி என் கண்ணில் பட்டது: அலை T-க்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறது. அதைச் சாய்வின் கணக்கில் தள்ளிவிடாதீர்கள். சாய்வாக எடுத்த படத்தில் நீளங்கள் சுருங்கும், விரியும். ஆனால் அலை எழும் இடமும் T என்ற குறியும் ஒரே புள்ளியாக இருந்தால், எந்தச் சாய்விலும் அவை ஒரே புள்ளியாகவே தெரியும். இரண்டும் விலகித் தெரிகின்றன என்றால் தாளிலேயே அவை விலகியிருக்கின்றன.

ஒரு காகிதத் துண்டைத் திரையில் வைத்து மூன்று நீளங்களை அளந்து சொல்லுங்கள். t = 0 முதல் இறக்கம் வரை, இறக்கம் முதல் எழுச்சி வரை, எழுச்சி முதல் T என்ற குறி வரை. T-க்குப் பிறகும் அலை மேலேயே இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சுருக்குவழிக்கும் நிழல்வட்டத்துக்கும்: நீங்கள் இருவர் சொன்ன எண்களும் உண்மையான எண்கள்தான், ஆனால் அவை வேறு கேள்விகளின் விடைகள். அளவு வந்தபின் விளக்குகிறேன்.

மாலைவகுப்பு

அளந்தேன் ஐயா. படத்தைப் பெரிதாக்கி வைத்து எடுத்த அளவு: முதல் உயர்நிலை 14 மில்லிமீட்டர், தாழ்நிலை 26, எழுச்சி முதல் T வரை 12. T-ஐத் தாண்டியும் கோடு மேலேயே போகிறது. பிறகு படம் முடிந்துவிடுகிறது.

பழைய ஆய்வகம்

நல்லது. அலைவு நேரம் முழுவதும் 14 + 26 + 12 = 52. அதில் பாதி 26, தாழ்நிலையின் நீளம் அதேதான். ஆக அலை பாதி நேரம் கீழே இருக்கிறது. நீங்கள் நினைத்தது அதுவரை சரி. மீதிப் பாதி இரண்டு துண்டாக உடைந்து, தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாகக் கிடக்கிறது. 14-ம் 12-ம் சமமாக இல்லாதது சாய்வினால். வலப்பக்கம் கேமராவிலிருந்து தள்ளி இருந்திருக்கும். தாளில் இரண்டும் T/4 ஆகவே இருக்க வேண்டும்.

ஆக அந்தக் கலங்கிய எண் 2 அல்ல, 4. செங்குத்து அச்சு துடிப்பின் நடுவே போகிறது. துடிப்பு −T/4-இல் தொடங்கி T/4-இல் முடிகிறது. அதன் இடது பாதி உங்கள் படத்துக்கு வெளியே வெட்டுப்பட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரிந்த பாதித் துடிப்பை முழுத் துடிப்பு என்று எண்ணியதால் நீங்கள் அலையைக் கால் அலைவு நேரம் தள்ளி வைத்துக் கணக்குப் போட்டுவிட்டீர்கள்.

இப்போது பக்கத்தின் விடையை வரவழைப்போம். ω = 2π/T. அச்சுக்கு இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் அலை இரட்டைச் சார்பு, ஆகவே bn = 0. மற்றது:

```
an = (2/T) · A · 2 · ∫[0..T/4] cos(nωt) dt
   = (4A/T) · sin(nωT/4) / (nω)
   = (2A/(nπ)) · sin(nπ/2)
```

ωT/4 என்பது π/2. அதனால்தான் சைனுக்குள் nπ/2 வந்து உட்காருகிறது. அச்சுப் பிழை எதுவும் இல்லை. n = 1, 3, 5, 7 என்று போட்டால் sin(nπ/2) முறையே +1, −1, +1, −1. இரட்டைப்படை n-க்குச் சுழியம். தொடர் இப்படி விரிகிறது:

```
x(t) = A/2 + (2A/π)[cos ωt - (1/3)cos 3ωt + (1/5)cos 5ωt - ...]
```

உங்கள் தொடரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2A/π, அதில் மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, அளவுகள் ஒன்றே. வேறுபடுவது சைனா கொசைனா என்பதும் குறியும் மட்டுமே. உங்கள் தொடரில் t இருக்கும் இடமெல்லாம் t + T/4 என்று எழுதினால் n-ஆவது உறுப்பு sin(nωt + nπ/2) ஆகிறது. n = 1-க்கு அது cos ωt. n = 3-க்கு 3π/2 கூடுவதால் −cos 3ωt. n = 5-க்கு மறுபடி +cos 5ωt. குறி மாறி மாறி வருவதன் காரணம் இதுதான்: அலை முழுவதையும் ஒரே நேர அளவு நகர்த்தினாலும், வேகமாக அலையும் உறுப்புக்கு அதே நேரம் பெரிய கோணமாகிவிடுகிறது. ஒன்றாம் உறுப்புக்குக் கால் சுற்று, மூன்றாம் உறுப்புக்கு முக்கால் சுற்று, ஐந்தாவதற்கு ஒன்றேகால் சுற்று.

இந்த வடிவத்தின்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. 1822-இல் வெளியான தம் வெப்ப நூலில் ஃபூரியர் முதலில் முழுமையாகக் கெழு கண்டு முடித்த தொடர்களில் இதுவும் ஒன்று: π/4 = cos y − (1/3)cos 3y + (1/5)cos 5y − … அவரும் அச்சை நடுவில் வைத்துத்தான் எழுதினார், ஏனெனில் வெப்பம் பரவுவதை அவர் கணக்கிட்ட தகடு நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக இருந்தது.

சுருக்குவழி

நகர்த்தல் புரிகிறது. சதுர அலை எப்போதும் ஒற்றைச் சார்பு என்று நான் சொன்னது தவறு. அச்சு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 4/π-ஐ நான் விடமாட்டேன். சூத்திரத் தாள்கள் எல்லாவற்றிலும் 4A/(nπ) இருக்கும்போது இங்கே மட்டும் எப்படி 2A/(nπ)? அச்சை நகர்த்தினால் அளவு மாறாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கரும்பலகை

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் மாணவர்கள் ஆண்டுதோறும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். உங்கள் சூத்திரத் தாளில் இருக்கும் அலை −A-க்கும் +A-க்கும் இடையே போகிறது. பக்கத்தில் உள்ள அலை 0-க்கும் A-க்கும் இடையே போகிறது. இரண்டிலும் A என்ற எழுத்து இருக்கிறது, ஆனால் முதல் அலையின் தாவல் 2A, இரண்டாவதின் தாவல் A மட்டுமே.

0, A அலையிலிருந்து அதன் சராசரியான A/2-ஐக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது −A/2-க்கும் +A/2-க்கும் இடையே போகும் அலை. இப்போது உங்கள் 4/π சூத்திரத்தை அதற்குப் போடுங்கள்: 4 × (A/2)/π = 2A/π. உங்கள் தாளும் பக்கமும் ஒத்துப்போகின்றன. நான் வகுப்பில் உயரத்தைச் சொல்லவே மாட்டேன், தாவலைத்தான் சொல்வேன்: கெழு என்பது தாவலின் 2/(nπ) மடங்கு. தாவலை நினைவில் வைத்தவர் இந்த இரண்டு மடங்கில் தவறுவதில்லை.

நிழல்வட்டம்

அப்படியானால் என்னுடைய A/(nπ) எங்கிருந்து வந்தது? நானும் 0, A அலையைத்தான் எடுத்தேன், −T/4 முதல் T/4 வரைதான் தொகையிட்டேன்.

பழைய ஆய்வகம்

T-ஆல் வகுத்ததாகச் சொன்னீர்கள். அது கலப்பெண் அடுக்குத் தொடரின் கெழுவுக்கு உரிய வரையறை. அந்தத் தொடரில் n கழித்தல் எண்களாகவும் ஓடுகிறது; ஒவ்வொரு கொசைனும் +n, −n என்ற இரண்டு உறுப்புகளாகப் பிரிந்து ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்கிறது. உங்கள் cn = (A/(nπ)) sin(nπ/2) அந்தத் தொடருக்கு முற்றிலும் சரி. cn-ஐயும் c−n-ஐயும் கூட்டினால் பக்கத்தில் உள்ள an வந்துவிடும். மாலைவகுப்பின் கேள்வி சைன், கொசைன் தொடரைப் பற்றியது என்பதால் அங்கே 2/T-தான் வேண்டும்.

நிழல்வட்டம்

சரி, கேள்வியை நான் வேறாகப் படித்துவிட்டேன். என் பாடத்தில் அடுக்குத் தொடர் மட்டுமே நடத்தினார்கள்.

மாலைவகுப்பு

என் பிழை இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது: a0. ஐயா எழுதிய தொடர் A/2-இல் தொடங்குகிறது, என் கணக்கிலும் A/2. பக்கத்தில் a0 = A என்று தெரிகிறது. இது மட்டுமாவது அச்சுப் பிழையா?

கரும்பலகை

நிழலில் மறைந்திருக்கும் பகுதியில் 2 இருக்கும். A-வுக்குக் கீழே கோடு இருப்பதுபோல் தெரிகிறதா என்று படத்தின் ஒளியைக் கூட்டிப் பாருங்கள். A/2 என்பது கண்ணாலேயே சொல்லக்கூடிய சராசரி. எந்தப் புத்தகமும் அதில் தவறாது.

பழைய ஆய்வகம்

எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. இரண்டு வழக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் a0 = (1/T)∫x dt, தொடர் a0-இல் தொடங்குகிறது. மற்றதில் a0 = (2/T)∫x dt, தொடர் a0/2-இல் தொடங்குகிறது. இரண்டாவது வழக்கத்தை விரும்புகிறவர்கள் an-க்கான சூத்திரத்திலேயே n = 0 போட்டால் a0 கிடைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்த வழக்கத்தில் இந்த அலைக்கு a0 = A என்பது சரியான விடை; தொடரின் முதல் உறுப்பு A/2 ஆகவே இருக்கும். ஆகவே நிழலுக்குள் 2 இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. தொடர் எந்த உறுப்பில் தொடங்குகிறது என்பது அநேகமாக முந்தைய பக்கத்தில் அச்சாகியிருக்கும். அதைப் பார்க்காமல் a0 = A என்ற வரியைச் சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் தொடர் சரியா என்று தெரிந்துகொள்ள அந்தப் பக்கம் தேவையில்லை. மூன்று புள்ளிகளில் கூட்டிப் பாருங்கள், போதும்.

t = 0 துடிப்பின் நடு. அங்கே எல்லாக் கொசைனும் 1. அடைப்புக்குள் 1 − 1/3 + 1/5 − 1/7 + … வருகிறது. அது π/4-ஐ நெருங்கும். 2A/π-ஆல் பெருக்கினால் A/2. முதல் உறுப்பான A/2-ஐக் கூட்டினால் A. துடிப்பின் உயரம் கிடைத்துவிட்டது. முதல் உறுப்பு A ஆக இருந்திருந்தால் 1.5A வந்திருக்கும். 2/π-க்குப் பதில் 4/π போட்டிருந்தாலும் அதே 1.5A. ஆகவே t = 0 ஒன்றே அந்த இரண்டு பிழைகளையும் காட்டிக்கொடுக்கும், ஆனால் எது எது என்று பிரித்துச் சொல்லாது. அதற்குத் தாழ்நிலையின் நடுவான t = T/2 வேண்டும். அங்கே எல்லா ஒற்றைப்படைக் கொசைனும் −1. சரியான தொடர் 0 தரும். முதல் உறுப்பு பிழையாக இருந்தால் A/2 வரும், 4/π பிழையாக இருந்தால் −A/2 வரும்.

மூன்றாவது புள்ளி t = T/4, அலை இறங்கும் இடம். ஒற்றைப்படை n எல்லாவற்றுக்கும் cos(nπ/2) சுழியம், அதனால் எத்தனை உறுப்பு கூட்டினாலும் அங்கே சரியாக A/2. தாவலின் நடுவில் தொடர் போய் நிற்பது இங்கே கையாலேயே தெரிகிறது.

கணினியில் பார்க்க விரும்பினால்:

```python
from math import pi, sin, cos
A, T = 1.0, 1.0
def x(t, N):
    s = A/2
    for n in range(1, N+1):
        s += 2*A/(n*pi)*sin(n*pi/2)*cos(2*pi*n*t/T)
    return s
for t in (0, T/4, T/2):
    print(t, round(x(t, 199), 4))
```

மாலைவகுப்பு

ஓட்டிப் பார்த்தேன். 0.9984, 0.5, 0.0016 என்று வருகிறது. N-ஐ 5 ஆகக் குறைத்தால் நடுவில் 1.0517, 7 ஆக்கினால் 0.9608, மேலும் கீழுமாகத் தாண்டித் தாண்டி 1-ஐ நெருங்குகிறது. ஆனால் விளிம்புக்குப் பக்கத்தில் N-ஐ 199 ஆக்கியும் ஏறத்தாழ 1.09 வரை ஒரு முனை எழுகிறது. அது போகவே இல்லை. கெழுவில் இன்னும் ஏதாவது பிழை இருக்கிறதா?

பழைய ஆய்வகம்

இல்லை, கெழு சரியாக இருப்பதன் அடையாளமே அதுதான். உறுப்புகளைக் கூட்டக் கூட்ட அந்த முனை விளிம்பை நோக்கி ஒதுங்கி மெலிகிறது. உயரம் மட்டும் தாவலின் சுமார் 9 விழுக்காட்டில் நின்றுவிடுகிறது. கிப்ஸ் 1899-இல் இதை எழுதியதால் அவர் பெயரால் அழைக்கிறார்கள். வில்பிரகாம் 1848-லேயே கண்டிருந்தார். உங்கள் மூன்று சோதனைப் புள்ளிகளில் ஒன்றுகூட அந்த முனைக்குள் விழாது என்பதால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

அலைகாட்டி மேசை

இடையில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும், என் சிக்கலும் இதே சூத்திரம்தான். சமிக்ஞை இயற்றியிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை எடுத்து அலைகாட்டியில் நிறமாலை பார்த்தேன். இரட்டைப்படைச் சீரிசைகள் சுழியம் என்கிறது இந்தக் கணக்கு. என் திரையில் இரண்டாவது சீரிசை முதலாவதைவிட 22 டெசிபெல் கீழே தெளிவாக நிற்கிறது. அச்சு எங்கே என்ற பிரச்சினையாக இருக்குமோ என்று தூண்டல் புள்ளியை நகர்த்திப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை.

பழைய ஆய்வகம்

தூண்டல் புள்ளியை நகர்த்துவது அச்சை நகர்த்துவதுதான். அது கட்டத்தை மாற்றும், உயரத்தை மாற்றாது. நீங்கள் பார்க்கும் நிறமாலையில் கட்டம் தெரியாது. ஆகவே காரணம் வேறு.

இரட்டைப்படைச் சீரிசை சுழியமாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: துடிப்பின் அகலம் சரியாக T/2. அகலம் அலைவு நேரத்தின் d மடங்கு என்றால் கெழு இப்படி ஆகிறது:

```
an = (2A/(nπ)) sin(nπd)
```

d = 1/2 போட்டால் மாலைவகுப்பின் பக்கம். இரண்டாவது சீரிசையை முதலாவதால் வகுத்தால் எல்லாம் சுருங்கி |cos(πd)| என்று ஆகிவிடும். d = 0.48 என்றால் அது 0.063, அதாவது 24 டெசிபெல் கீழே. வெறும் இரண்டு விழுக்காடு அகலம் குறைந்தாலே இவ்வளவு உயரமாக எழுந்து நிற்கிறது. உங்கள் துடிப்பின் அகலத்தை அளந்தீர்களா?

அலைகாட்டி மேசை

நகரும் கோடுகளை வைத்து அளந்தேன்: 1000 மைக்ரோநொடியில் 480. நீங்கள் சொன்ன 0.48 அப்படியே வருகிறது. ஆனால் கணக்குப்படி 24 இருக்க வேண்டும், எனக்கு 22 அல்லவா?

பழைய ஆய்வகம்

22 டெசிபெல் என்பது d = 0.475-ஐக் கேட்கிறது. 480-க்கும் 475-க்கும் இடையே ஐந்து மைக்ரோநொடி. ஒரு முழு அலைவைத் திரை முழுக்க விரித்து வைத்துக் கோட்டை நகர்த்தினால் அவ்வளவு பிழை எளிதில் வரும். இறங்கும் விளிம்பையும் ஏறும் விளிம்பையும் தனித்தனியாக விரித்து, இரண்டிலும் பாதி உயரத்தில் அளந்து பாருங்கள்.

அதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். நான்காவது, ஆறாவது சீரிசைகள் எவ்வளவு உயரம்? அகலப் பிழைதான் காரணம் என்றால் d = 0.48-க்கு இரண்டாவது 24.0, நான்காவது 24.1, ஆறாவது 24.2 டெசிபெல் கீழே இருக்கும். ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கும். சரியான சதுர அலையிலிருந்து ஒரு மெல்லிய துடிப்பை நறுக்கி எடுத்ததுதான் உங்கள் அலை. மெல்லிய துடிப்புத் தொடரின் நிறமாலை தட்டையாக இருக்கும், அந்தத் தட்டைதான் இரட்டைப்படை இடங்களில் வெளியே தெரிகிறது. மாறாக இரண்டாவது மட்டும் உயர்ந்து நான்காவதும் ஆறாவதும் வேகமாகத் தாழ்ந்தால் அகலத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஏறும் விளிம்பும் இறங்கும் விளிம்பும் வெவ்வேறு வடிவமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அலைகாட்டி மேசை

நான்காவது 22.5, ஆறாவது 25. தட்டை என்றும் சொல்ல முடியவில்லை, வேகமாக விழுகிறது என்றும் சொல்ல முடியவில்லை. விளிம்புகளை விரித்து அளந்துவிட்டு வருகிறேன்.

கரும்பலகை

ஆறாவது சற்றுத் தாழ்ந்திருப்பதற்கு விளிம்புகள் சாய்ந்திருப்பதும் சேர்ந்திருக்கலாம். ஆனால் 1 கிலோஹெர்ட்ஸில் அது 6 கிலோஹெர்ட்ஸைத் தொட வேண்டுமென்றால் விளிம்பு மிக மந்தமாக இருக்க வேண்டும். ஒரு கேள்வி: அலைகாட்டியில் எந்தச் சாளரத்தை வைத்து நிறமாலை எடுத்தீர்கள்? முனைகளின் உயரம் அதனாலும் ஒரு டெசிபெல் இப்படி அப்படிப் போகும்.

சுருக்குவழி

எனக்கு ஒரு சந்தேகம். அச்சு துடிப்பின் நடுவில் இருந்தால் கொசைன் மட்டும், விளிம்பில் இருந்தால் சைன் மட்டும். இரண்டும் இல்லாத ஓர் இடத்தில் இருந்தால்? இரண்டும் வருமா?

பழைய ஆய்வகம்

இரண்டும் வரும். பக்கத்தின் அலையை T/8 வலப்பக்கம் நகர்த்துங்கள். n-ஆவது கொசைன் cos(nωt − nπ/4) ஆகி, பழைய கெழுவில் cos(nπ/4) பங்கு கொசைனுக்கும் sin(nπ/4) பங்கு சைனுக்கும் போகும். n = 1-க்கு இரண்டும் 0.450A. n = 3-க்கு பழைய கெழு −0.212A; அதிலிருந்து a3 = +0.150A, b3 = −0.150A. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே 0.212A திரும்பி வருகிறது. உங்கள் விடையும் இன்னொருவர் விடையும் முரண்பட்டால் முதலில் இந்த வர்க்கமூலத்தை ஒப்பிடுங்கள். அது ஒத்துப்போனால் இருவரும் ஒரே அலையை வேறு வேறு இடத்தில் அச்சு வைத்துப் பார்த்திருக்கலாம். அடுத்து கட்டங்களைப் பாருங்கள், n-ஆவது சீரிசையின் கோண வேறுபாடு முதலாவதன் n மடங்காக வர வேண்டும். வர்க்கமூலமே ஒத்துப்போகாவிட்டால் தாவல், அகலம், அல்லது எந்தத் தொடர் என்பது வேறுபடுகிறது.

மாலைவகுப்பு

என் முதல் இடுகையில் இருந்த இரண்டு விடைகளுக்கும் அதைப் போட்டுப் பார்த்தேன்; n = 1, 3, 5 மூன்றிலும் ஒத்துப்போகிறது.

நண்பரிடம் முந்தைய பக்கத்தைக் கேட்டேன். புத்தகம் இப்போது வேறொருவர் கையில் இருக்கிறதாம், கிடைத்தால் அனுப்புவதாகச் சொன்னார். கரும்பலகை ஐயா சொன்னபடி ஒளியைக் கூட்டிப் பார்த்தேன். A-வுக்குக் கீழே ஒரு கோடு இருப்பதுபோலவும் இருக்கிறது, அது நிழலின் விளிம்பு போலவும் இருக்கிறது.

கரும்பலகை

கோடு என்றுதான் நான் சொல்வேன்.

பழைய ஆய்வகம்

முந்தைய பக்கம் வரட்டும்.